20 லட்சத்துக்கு டிரையர் வாங்கலாமா? ஒரு ஜவ்வரிசி ஆலையின் வரிக்குப் பிந்தைய கணக்கு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சேலத்தில் சிறு ஆலைகளுக்குக் கணக்கு எழுதுவதும் வங்கிக்கு புராஜெக்ட் ரிப்போர்ட் போடுவதும் என் வேலை. இயந்திரம் வாங்கப் போகிறவர்கள் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருப்பதால் ஒரே ஆலையை வைத்து எல்லாவற்றுக்கும் பதில் எழுதுகிறேன். அயோத்தியாப்பட்டணம் தாண்டி இருக்கும் ஆலை அது. அண்ணன் தம்பி இருவர் பங்குதாரர்கள். அடையாளம் தெரியாமல் இருக்க எண்களை முழு எண்களாக மாற்றியிருக்கிறேன்.

சார், டிரையர் 20 லட்சம். வருஷம் 6 லட்சம் மிச்சமாகும். அஞ்சு வருஷத்துல 30 லட்சம் வருது, போட்டது 20. வாங்கிட வேண்டியதுதானே?

அவசரப்படாதீர்கள். முதலில் அந்த 6 லட்சம் எங்கிருந்து வருகிறது என்று பார்ப்போம்.

ஈர ஜவ்வரிசியை இப்போது சிமெண்ட் களத்தில் பரப்பிக் காயவைக்கிறார்கள். வெயில் ஏற ஏறப் பெண்கள் கால்களாலும் பலகையாலும் கிளறிவிட்டுக்கொண்டே இருப்பார்கள். சேர்வராயன் மலைப் பக்கம் கருத்தால் போதும், களம் முழுக்க ஓட்டம்தான். தார்ப்பாய் போடுவதற்குள் நனைந்த சரக்கு புளிக்கும், நிறம் மங்கும். ஜவ்வரிசி ஆலைகளின் கூட்டுறவுச் சங்கமான சேகோசர்வ் டெண்டருக்குப் போனால் அந்த மூட்டைக்கு விலை கிடைக்காது. டிரையர் வந்தால் களத்தில் 10 பேர் குறைவார்கள். ஒருவருக்கு 450 ரூபாய், ஆண்டுக்கு 200 நாள் என்றால் 9 லட்சம். மழையில் கெட்டுப்போகும் சரக்கில் 2 லட்சம் மிஞ்சும். இதுவரை சும்மா கிடைத்த வெயிலுக்குப் பதிலாக இனி விறகும் கரண்டும் வேண்டும், அதற்கு 4,40,000. சர்வீசுக்கு 60,000. இந்த இரண்டையும் கழித்தால் 6 லட்சம்.

இந்த 6 லட்சமும் கைக்கு வராது. கூலிச் செலவு குறைந்தால் லாபம் கூடும், கூடிய லாபத்துக்கு வரி உண்டு. பங்குதாரர் நிறுவனத்துக்கு முதல் ரூபாயிலிருந்தே 30 சதவீத வரி, அதன்மேல் 4 சதவீத செஸ், ஆக 31.2 சதவீதம். 6 லட்சத்தில் 1,87,200 வரியாகப் போகும், கையில் நிற்பது 4,12,800. ஐந்து வருஷத்துக்கு 20,64,000. போட்ட 20 லட்சத்தைத் தாண்டி 64,000 ரூபாய்தான் மிச்சம், அதுவும் ஐந்து வருஷம் காத்திருந்து. இப்படிப் பார்த்தால் வாங்கவே வேண்டாம் என்று தோன்றும். ஆனால் கணக்கு இன்னும் முடியவில்லை.

தேய்மானம்னு எழுதறோமே, அது கையை விட்டுப் போற காசு இல்லையே. அதை எதுக்குக் கணக்குல சேர்க்கணும்?

சேர்க்கப்போவது தேய்மானத்தை அல்ல, அதனால் குறையும் வரியை. பொதுவான இயந்திரங்களுக்கு வருமான வரிச் சட்டப்படி 15 சதவீதத் தேய்மானம், அதுவும் ஒவ்வொரு வருஷமும் மிச்சமிருக்கும் மதிப்பின் மேல். முதல் வருஷம் 20 லட்சத்தில் 3 லட்சம். அந்த 3 லட்சத்தை லாபத்திலிருந்து கழித்துக் காட்டுகிறீர்கள். யாருக்கும் அந்த 3 லட்சத்தை நீங்கள் கொடுப்பதில்லை, ஆனால் கட்டவேண்டிய வரியில் 93,600 குறைகிறது. அது அசல் காசு.

அடுத்த வருஷம் மிச்சம் 17 லட்சம், தேய்மானம் 2,55,000, வரியில் 79,560 குறையும். மூன்றாம் வருஷம் 67,626, நான்காம் வருஷம் 57,482. வருஷத்துக்கு வருஷம் இறங்கிக்கொண்டே போகும்.

சிலர் 6 லட்சத்திலிருந்து தேய்மானத்தைக் கழித்துவிட்டு, மிஞ்சியதை 'வரவு' என்று எழுதிக்கொண்டு வருவார்கள். அது லாப நஷ்டக் கணக்கு, பண வரவுக் கணக்கு இல்லை. போன 20 லட்சத்தை ஒருமுறை மொத்தமாகவும் பிறகு தேய்மானமாக இன்னொரு முறையும் கழிக்கிறார்கள். அப்படிப் போட்டால் எந்த இயந்திரமும் கட்டுபடியாகாது.

பில்லில் வரும் ஜிஎஸ்டியை உள்ளீட்டு வரியாகத் திரும்ப எடுத்துக்கொள்கிறீர்கள் என்றால், தேய்மானம் ஜிஎஸ்டி இல்லாத விலைக்கு மட்டும்தான். 20 லட்சம் என்று நான் வைத்திருப்பது அந்த விலை.

பின்னாடி வர்ற பணத்தை வருஷம் 12 சதவீதம்னு தள்ளி இன்னைய மதிப்பா பார்க்கணும்ங்கறீங்களே, அந்த 12 எங்கிருந்து வந்தது? பேங்க் வட்டியை எங்கேயும் கழிக்கவே இல்லையே?

அந்த 12-க்குள்தான் வட்டி இருக்கிறது, தனியாகவும் கழித்தால் இரட்டைக் கழிவு ஆகிவிடும்.

பாதிப் பணம் வங்கிக் கடன், வட்டி 10 சதவீதம். வட்டி வரிக் கழிவுக்கு உட்பட்டது என்பதால் உண்மையான சுமை 6.88 சதவீதம். மீதிப் பாதி அண்ணன் தம்பி கைப்பணம். அதே பணத்தைச் சீசனில் குச்சிக் கிழங்கு வாங்கப் போட்டிருந்தால் வரி போக 17 சதவீதம் கிடைக்கும் என்று அண்ணனான பெரியவர் சொன்னார். இரண்டையும் பாதிப்பாதியாகக் கூட்டினால் 11.94, அதை 12 என்று வைத்தேன். கைப்பணத்துக்கு வட்டி இல்லை என்று நினைப்பவர்களின் கணக்கில் விகிதம் 3.44-க்கு இறங்கி, எல்லா இயந்திரமும் லாபமாகத் தெரியும்.

12 சதவீதத்தில் ஒரு வருஷம் கழித்து வரும் ஒரு ரூபாயின் இன்றைய மதிப்பு 0.8929. இரண்டாம் வருஷ ரூபாய்க்கு 0.7972, பிறகு 0.7118, 0.6355, 0.5674. வரவு எல்லாம் வருஷக் கடைசியில் வருவதாக வைத்துக்கொள்கிறோம். உண்மையில் முன்கூட்டிய வரி ஜூனிலிருந்தே தவணையாகக் கட்டப்படுவதால் வரிச் சேமிப்பு கொஞ்சம் முன்னதாகவே கிடைக்கும். அந்த வகையில் நம் கணக்கு ஒரு பிடி கைகாவலாகவே இருக்கிறது.

அஞ்சாவது வருஷம் 4 லட்சத்துக்கு வித்துடுவோம். அப்ப புக்ல 10 லட்சத்துக்கு மேல நிக்குது. அந்த 6 லட்சம் நஷ்டத்தை வரியில காட்டலாம்தானே?

காட்ட முடியாது. பெரும்பாலான கணக்குகள் தவறுவது இந்த இடத்தில்தான். பாடப்புத்தகத்தில் 'புத்தக மதிப்பு கழித்தல் விற்ற விலை, அதன்மேல் வரிச் சேமிப்பு' என்று படித்ததை அப்படியே கொண்டுவந்து போடுவார்கள்.

நம் சட்டத்தில் ஒவ்வொரு இயந்திரத்துக்கும் தனிப் புத்தக மதிப்பு கிடையாது. 15 சதவீதத்தில் வரும் எல்லா இயந்திரமும் ஒரே பிளாக். கிழங்கு அரைக்கும் ராஸ்பர், மோட்டார், டிரையர் எல்லாம் ஒரே அண்டாவில் ஊற்றிய தண்ணீர் மாதிரி. டிரையரை விற்றால் விற்ற விலையான 4 லட்சத்தை அண்டாவிலிருந்து எடுக்கிறீர்கள், அவ்வளவுதான். மிச்சம் உள்ளேயே கிடந்து வருஷாவருஷம் 15 சதவீதமாகக் கரைந்துகொண்டிருக்கும்.

ஐந்தாம் வருஷத் தொடக்கத்தில் டிரையரின் பங்கு 10,44,013. அதே வருஷத்தில் விற்பதால் 4 லட்சம் போக 6,44,013. அதில் 15 சதவீதம் 96,602, வரிச் சேமிப்பு 30,140. பிறகும் 5,47,411 பிளாக்கில் தங்குகிறது. ஆறாம் வருஷம், ஏழாம் வருஷம் என்று டிரையர் போன பிறகும் அது வரியைக் குறைத்துக்கொண்டே இருக்கும். முடிவில்லாமல் கரையும் இந்த வரிசைக்கு ஒரு சுருக்க வழி உண்டு:

```
547411 × 0.312 × 0.15 ÷ (0.12 + 0.15) = 94885
```

இது ஐந்தாம் வருஷ முடிவில் உள்ள மதிப்பு. தவறாக 6,44,013-ஐ மொத்த நஷ்டமாகக் காட்டியிருந்தால் அதே வருஷம் 2,00,932 வரி குறைந்ததாக எழுதியிருப்பீர்கள். சரியான வழியில் 30,140-உம் 94,885-உம் சேர்த்து 1,25,025 மட்டும். வித்தியாசம் ஐந்தாம் வருஷப் பணத்தில் 75,900 ரூபாய்க்கு மேல்.

ஆலையையே மூடி, பிளாக்கில் இருக்கும் எல்லாவற்றையும் விற்றுவிட்டால் கதை வேறு. அப்போது மிஞ்சுவது குறுகிய கால மூலதன நஷ்டம். அதை வியாபார லாபத்தில் கழிக்க முடியாது.

மொத்தத்தையும் ஒரே இடத்துல போட்டுக் காட்டுங்களேன்.

| வருஷம் | வரி போக மிச்சம் | தேய்மான வரிச் சேமிப்பு | மற்றவை | இன்றைய மதிப்பு |
|---|---|---|---|---|
| 0 | | | −20,00,000 | −20,00,000 |
| 1 | 4,12,800 | 93,600 | | 4,52,143 |
| 2 | 4,12,800 | 79,560 | | 3,92,506 |
| 3 | 4,12,800 | 67,626 | | 3,41,958 |
| 4 | 4,12,800 | 57,482 | | 2,98,873 |
| 5 | 4,12,800 | 30,140 | 4,00,000 + 94,885 | 5,32,147 |

ஐந்து வருஷமும் கூட்டினால் 20,17,627. அதில் 20 லட்சம் போனால் நிகர இன்றைய மதிப்பு 17,627 ரூபாய். தேய்மான வரிச் சேமிப்பின் இன்றைய மதிப்பு மட்டும், பிளாக்கில் தங்கியதையும் சேர்த்து, சுமார் 3,02,600. அதை விட்டுவிட்டுப் போட்டிருந்தால் 2,85,000 ரூபாய் நஷ்டம் என்று சொல்லியிருப்போம்.

எக்செல்ல போட்டேன், எனக்கு 15,738 வருது. எங்கே தப்பு?

இன்று போகும் 20 லட்சத்தையும் NPV அடைப்புக்குள் கொடுத்திருப்பீர்கள். அந்த ஃபங்ஷன் முதல் எண்ணையே ஒரு வருஷம் கழித்து வருவதாக எடுத்துக்கொள்ளும். அதனால் எல்லாமே ஒரு வருஷம் தள்ளிப்போய் விடை 1.12-ஆல் வகுபட்டுவிடும். ஐந்து வருஷ வரவை மட்டும் உள்ளே கொடுங்கள்:

```
=NPV(12%,B2:B6)-2000000
```

மெஷின் செப்டம்பர்ல வந்தாலும் அக்டோபர்ல வந்தாலும் ஒண்ணுதானே? சீசனே அப்பதான் சூடுபிடிக்குது.

ஒன்றல்ல. வாங்கிய வருஷத்தில் 180 நாளுக்குக் குறைவாக ஓடினால் அந்த வருஷம் பாதித் தேய்மானம்தான், 15-க்கு ஏழரை. மார்ச் 31-லிருந்து பின்னோக்கி எண்ணினால் சாதாரண வருஷத்தில் அக்டோபர் 3 கடைசி நாள்.

பாதித் தேய்மானம் என்றால் முதல் வருஷச் சேமிப்பு 93,600-க்குப் பதில் 46,800. விட்டுப்போனது அழிந்துவிடாது, பிளாக்கில் நின்று பின்னால் வரும். ஆனால் தாமதத்துக்கு விலை உண்டு. மற்றதெல்லாம் அப்படியே இருந்தால், சேமிப்பின் இன்றைய மதிப்பு 3,02,600-லிருந்து 2,84,000-க்கு இறங்கும். சுமார் 18,600 போச்சு. நம் டிரையரின் நிகர மதிப்பே 17,627 என்பதால் கணக்கு சுமார் ஆயிரம் ரூபாய் கீழே போய்விடுகிறது.

நாள் கணக்கு பில் தேதியிலிருந்து அல்ல, ஓட ஆரம்பித்த தேதியிலிருந்து. இதில் நான் ஒருமுறை சூடு பட்டிருக்கிறேன். ஒரு ஆலைக்கு இயந்திரம் செப்டம்பர் முதல் வாரமே வந்து இறங்கிவிட்டது. முழுத் தேய்மானம் என்று ரிப்போர்ட்டில் எழுதிக் கொடுத்துவிட்டேன். கூடுதல் மின் பளுவுக்கு அனுமதி வந்தது அக்டோபர் மூன்றாம் வாரம். ஆறு வாரம் தார்ப்பாய்க்குள் கிடந்த இயந்திரத்துக்கு ஆடிட்டர் பாதிதான் எடுத்தார், அதுதான் சரியும்கூட. அதிலிருந்து மின் இணைப்புத் தேதியைக் கேட்காமல் முதல் வருஷத் தேய்மானத்தை எழுதுவதில்லை.

புது மெஷினுக்கு 20 சதவீதம் எக்ஸ்ட்ரா தேய்மானம் உண்டுன்னு சொல்றாங்களே?

உற்பத்தி செய்யும் ஆலை, புத்தம் புதிய இயந்திரம் என்றால் உண்டு. பழைய இயந்திரத்துக்குக் கிடையாது. புதிய வரி முறையில் இருக்கும் தனிநபருக்கும் கிடையாது. பங்குதாரர் நிறுவனம் அந்த முறைக்குள் வராது, அதனால் இந்த அண்ணன் தம்பிக்குக் கிடைக்கும். மேலே நான் அதை வேண்டுமென்றேதான் சேர்க்காமல் விட்டேன், அடிப்படை புரியட்டும் என்று.

சேர்த்தால் முதல் வருஷத் தேய்மானம் 3 லட்சமல்ல, 7 லட்சம். வரிச் சேமிப்பு 2,18,400. 'அப்போ 1,24,800 கூடுதல் லாபம்' என்று துள்ள வேண்டாம். மொத்தத் தேய்மானம் 20 லட்சத்தைத் தாண்டாது, முன்னால் எடுத்ததைப் பின்னால் இழக்கிறீர்கள். இரண்டாம் வருஷச் சேமிப்பு 79,560-லிருந்து 60,840-ஆகக் குறையும், அதற்கடுத்தவையும் அப்படியே. கூட்டிக் கழித்தால் ஆதாயம் சுமார் 49,500. நிகர இன்றைய மதிப்பு 67,000 அளவுக்கு ஏறும். அக்டோபர் 3-ஐத் தவறவிட்டால் இதிலும் முதல் வருஷம் 10 சதவீதம்தான், மீதி 10 அடுத்த வருஷம்.

நான் செவ்வாய்பேட்டையில சின்னதா கொலுசுப் பட்டறை வெச்சிருக்கேன். ஆடிட்டர் 44ஏடி-லதான் ரிட்டர்ன் போடறார். எனக்கும் இந்தக் கணக்குதானா?

இல்லை அண்ணா, உங்களுக்கு இது தலைகீழ். உத்தேச வருமான முறையில் விற்றுமுதலில் 8 சதவீதம், வங்கி வழி வரவுக்கு 6 சதவீதம் லாபம் என்று வைத்து வரி கட்டுகிறீர்கள். 2026 ஏப்ரலில் வந்த புதிய சட்டத்தில் பிரிவு எண் மாறியிருக்கிறது, முறை அதேதான். அந்தச் சதவீதத்துக்குள்ளேயே தேய்மானம் கழிந்துவிட்டதாக அர்த்தம், தனியாக ஒரு ரூபாயும் வரி குறையாது. அதனால் தேய்மான வரிச் சேமிப்பு பூஜ்யம்.

அதற்காக வருத்தப்பட வேண்டாம். இயந்திரத்தால் கூலி குறைந்தால் விற்றுமுதல் மாறாது, ஆகவே வரியும் கூடாது. மிச்சமாகும் காசு முழுக்க உங்களுக்கே. இதே டிரையர் எண்களை உங்கள் முறையில் போட்டால் வருஷம் முழு 6 லட்சம். ஐந்து வருஷக் காரணிகளின் கூட்டல் 3.6048, பெருக்கினால் 21,62,880. விற்கும் 4 லட்சத்தின் இன்றைய மதிப்பு 2,26,960. 20 லட்சம் போக 3,89,840 மிச்சம். 31.2 சதவீதம் கட்டும் ஆலைக்கு 17,627, உங்களுக்கு இவ்வளவு. வெளியூர் ஆலைக்காரர் போட்ட கணக்கை வாங்கி வைத்துக்கொண்டு முடிவெடுக்காதீர்கள் என்று இதனால்தான் சொல்கிறேன். இயந்திரத்தால் விற்பனை கூடுமானால் மட்டும், கூடும் விற்பனையின் 6 அல்லது 8 சதவீதத்துக்கு வரி சேர்த்துக்கொள்ளுங்கள்.

கடைசியா என்னதான் சொல்றீங்க, வாங்கலாமா வேணாமா? 17,627 பிளஸ்தானே?

பிளஸ்தான். ஆனால் எத்தனை ரூபாய் மிச்சம் குறைந்தால் அது மைனஸ் ஆகும் என்று பாருங்கள். வருஷ மிச்சம் 6 லட்சத்துக்குப் பதில் 5,92,900 ஆனாலே பூஜ்யம். கூடுதல் தேய்மானம் சேர்த்து 67,000 என்று வைத்தாலும் 5,73,000-க்குக் கீழே தாங்காது. விறகு விலை கொஞ்சம் ஏறினால் போதும், 4,40,000 என்று போட்டது 4,70,000 ஆகிவிடும்.

விறகைவிட எனக்குச் சந்தேகம் அந்த 9 லட்சம் கூலியின் மேல்தான். 10 பேர் குறைவார்கள் என்று எழுதுவது சுலபம். களத்தில் இருப்பவர்கள் ஜவ்வரிசியை மட்டுமா கிளறுகிறார்கள்? அந்த ஆலைக்கு ஒருநாள் காலை போயிருந்தேன். கிளறுகிற நேரம் போக, அதே பெண்கள்தான் திப்பியை அள்ளிக் காயப்போடுகிறார்கள், மூட்டை தைக்கிறார்கள், லாரி வந்தால் கிழங்கு இறக்கவும் ஓடுகிறார்கள். டிரையர் வந்த பிறகு இந்த வேலைகளுக்கு இரண்டு பேரையாவது திரும்பக் கூப்பிட்டே ஆகவேண்டும். இரண்டு பேருக்கு 200 நாள் கூலி 1,80,000. மிச்சம் 4,20,000-ஆகக் குறையும், வரி போனால் 2,88,960. நிகர இன்றைய மதிப்பு நாலு லட்சத்துக்கு மேல் மைனஸ். கூடுதல் தேய்மானம் வந்தாலும் அந்தக் குழியை நிரப்பாது.

பெரியவரிடம் இதைச் சொன்னபோது கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு தம்பியைக் கூப்பிட்டு, அடுத்த சீசன் ஒரு மாசம் யார் எந்த வேலையை எத்தனை மணி நேரம் செய்கிறார்கள் என்று நோட்டுப் போட்டு எழுதச் சொன்னார். டிரையர் கொட்டேஷனுக்கு இன்னும் பதில் எழுதவில்லை.